புதிய மோட்டார் சைக்கிளுக்கு 300 கிலோமீற்றரிலேயே ஒயில் மாற்றலாமா?

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் வாங்கிய எனது 150 சிசி மோட்டார் சைக்கிள் இப்போது 310 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது; கையேடு முதலாவது சேர்விஸை 1000 கிலோமீற்றரில் செய்யச் சொல்கிறது. ஆனால் ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கியரிலேயே செல்வதால், அதே தூரத்திற்கு என்ஜின் சமதரையைவிட அதிக சுற்றுகள் சுற்றுகிறது.

நேற்று அளவுகோலைத் துடைத்துப் பார்த்தபோது, ஒயில் கறுத்து, வெயிலில் பிடித்தால் வெள்ளித்தூள் போல மினுங்கியது. விரலில் தேய்த்தால் துகள் எதுவும் தட்டுப்படவில்லை. பிஸ்டன் வளையங்களும் கியர்ப் பற்களும் ஒன்றோடொன்று படியும்போது இவ்வளவு தேய்வது இயல்பே என்றும், உறுத்தும் துணுக்குகள் இருந்தால்தான் அஞ்ச வேண்டும் என்றும் அறிவேன்.

எனது கேள்வி இதுதான்: கையேடு கூறும் அதே தரத்து ஒயிலை இப்போதே ஒருமுறை மாற்றிவிட்டு, உத்தரவாதம் கெடாதபடி 1000 கிலோமீற்றர் சேர்விஸையும் தவறாமல் செய்தால், அந்த மேலதிகச் செலவுக்கு உண்மையில் பயன் உண்டா? காருக்கான ஒயிலை ஊற்றும்படி ஒருவர் கூறினார். ஈரக் கிளச் வழுக்கக்கூடும் என்பதால் மறுத்துவிட்டேன். மலைப்பாதையில் ஓடி, முதல் ஒயிலை முன்கூட்டியே மாற்றியவர்கள், வடித்த ஒயிலில் என்ன கண்டீர்கள் என்று தயவுசெய்து கூறுங்கள்.