கலைச்சொல் விவாதம்: நேரம் தீர்ந்ததும் சொல்லாமல் நின்றுபோகும் வைஃபை அமர்வு

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

பொது வைஃபைக்கான நுழைவுப் பக்க மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறோம். காபிக்கடையிலோ ரயில் நிலையத்திலோ சீட்டில் உள்ள எண்ணைத் தட்டினால் இணையத்தைத் திறந்துவிடுமே, அந்தப் பக்கம். பெரும்பாலான வரிகள் முடிந்துவிட்டன. இந்த மூன்று மட்டும் இடிக்கின்றன.

```
msgid "Voucher expired"
msgid "Session expired"
msgid "Idle timeout"
```

மூன்றுக்கும் "காலாவதியானது" என்றே போட்டு வைத்திருக்கிறார்கள். இது சரியில்லை என்று தெரிகிறது, ஆனால் எப்படிப் பிரிப்பது என்று தெரியவில்லை. அப்புறம், கையேட்டில் ஒரு நிகழ்வுக்கும் பெயர் வேண்டும். கொடுத்த நேரம் தீர்ந்ததும் ஓர் அறிவிப்பும் இல்லாமல் இணையம் நின்றுவிடுகிறது. இதற்கு "மௌனத் துண்டிப்பு" என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

இளவரசு எழுதியது:

துண்டிப்பு என்பது பொருத்தமான சொல்தான். நேரம் முடிந்ததும் வைஃபை கருவி நம் ஃபோனைக் கழற்றிவிடுகிறது, கொடுத்த ஐபி முகவரியையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. "மௌன" என்பதில் கொஞ்சம் கவிதை வாடை அடிக்கிறது. "நேரத் துண்டிப்பு" என்று வைத்தால் போதும்.

சேவியர் எழுதியது:

கயல், இளவரசு,

சொல்லைத் தேடுவதற்கு முன்னால் அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். இந்த வேலையில்தான் இருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஒரு மணி நேரச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். 10:00 மணிக்கு எண்ணைப் போடுகிறீர்கள். பின்னால் இருக்கும் ரேடியஸ் சர்வர் சரி பார்த்துவிட்டு, வாயில் கருவிக்கு அனுமதியோடு சேர்த்து `Session-Timeout = 3600` என்று ஒரு எண்ணையும் அனுப்புகிறது. அது வினாடிக் கணக்கு. வாயில் கருவி உங்கள் ஃபோனின் மேக் முகவரியைத் தன் அனுமதிப் பட்டியலில் எழுதிக்கொள்கிறது. 11:00 மணிக்கு அந்த ஒரு வரியை அழித்துவிடுகிறது. பெரும்பாலான இடங்களில் நடப்பது இவ்வளவுதான்.

ஃபோனுக்கும் வைஃபை கருவிக்கும் நடுவே இருக்கும் தொடுப்பு அப்படியே இருக்கிறது. ஐபி முகவரியும் இருக்கிறது. திரையின் மேலே வைஃபைக் குறி முழுதாக எரிகிறது. உள்ளே இருந்து வெளியே போகும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. ஆகவே துண்டிப்பு என்று எழுதினால், படிப்பவர் வைஃபை அமைப்பைத் திறந்து பார்ப்பார், அங்கே "இணைக்கப்பட்டது" என்றிருக்கும். கையேடு பொய் சொல்கிறது என்று நினைப்பார்.

சத்தமே இல்லாமல் நடப்பதற்குக் காரணம் வேறு. பெரும்பாலும் வாயில் கருவி பழைய இணைப்புகளின் பொட்டலங்களைத் திருப்பி அனுப்புவதில்லை, அப்படியே விழுங்கிவிடுகிறது. 10:58க்கு ஒரு பெரிய கோப்பை ஏற்றத் தொடங்கியிருந்தால், 11:00 மணிக்கு அந்தப் பட்டை நின்ற இடத்திலேயே நிற்கும். மறுபக்கத்திலிருந்து "முடியாது" என்று பதில் வந்திருந்தால் செயலி உடனே பிழை காட்டியிருக்கும். பதிலே வராததால் நெட்வொர்க் மந்தமாக இருக்கிறது என்று எண்ணி அது திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கிறது. லினக்ஸில் இயல்பான அமைப்பில் இந்த முயற்சி 15 நிமிடத்துக்கு மேல்கூட ஓடும். செயலியே தன் கெடுவை வைத்திருந்தால்தான் முன்னதாக விடும்.

புதிதாக ஒரு தளத்தைத் திறந்தால் நுழைவுப் பக்கம் வரவேண்டுமே என்று கேட்கலாம். பழைய http முகவரியாக இருந்தால் வரும். இன்று ஏறக்குறைய எல்லாத் தளமும் https. அதை நடுவில் மறித்து வேறு பக்கத்தைக் காட்ட முடியாது, காட்டினால் உலாவி சான்றிதழ் எச்சரிக்கை போட்டுத் தடுத்துவிடும். அதனால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நஸ்ரின் எழுதியது:

இது எனக்கும் நடந்திருக்கிறது! ஒரு ரயில் நிலையத்தில் வாங்கிய சீட்டைப் பயன்படுத்தாமல் பையிலேயே வைத்திருந்தேன். கொஞ்ச நாள் கழித்து அதே நிலையத்தில் எண்ணைப் போட்டால் செல்லாது என்கிறது. ஒரு நிமிடம்கூட அதைப் பயன்படுத்தவில்லை. அதில் இருந்த ஒரு மணி நேரம் எங்கே போனது? இதற்கு "காலாவதி" தவிர வேறு என்ன சொல் இருக்க முடியும்?

சேவியர் எழுதியது:

நஸ்ரின், நீங்கள் சொல்வது வேறு கடிகாரம். ஆனால் கயலின் சிக்கலே அதில்தான் இருக்கிறது.

சீட்டுக்கு ஒரு கடைசி நாள் உண்டு, அதற்குள் முதல்முறை நுழைய வேண்டும். உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. அதற்குக் காலாவதி என்பது மிகச் சரி, அட்டைப்பெட்டிமேல் போடும் அதே பொருள்தான்.

நுழைந்த பிறகு ஓடுவது இரண்டாவது கடிகாரம். இதிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று, முதல் நுழைவிலிருந்து நிற்காமல் ஓடுவது. 10:00 மணிக்கு நுழைந்து, 10:20க்கு வெளியேறி, 10:50க்குத் திரும்பி வந்தால் சர்வர் இப்போது 600 வினாடிதான் தரும். மற்றொன்று, உள்ளே இருந்த நேரத்தை மட்டும் கூட்டுவது. அதே ஆள் 10:50க்குத் திரும்பினால் 2400 வினாடி மிச்சம் இருக்கும். சீட்டில் "60 நிமிடம்" என்று மட்டும் அச்சிட்டால் எது என்று யாருக்கும் தெரியாது. சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவது, ஒன்றும் செய்யாமல் இருந்தால் மூடுவது. இதில் சீட்டில் நேரம் மீதம் இருக்கலாம், எண்ணை மறுபடி போட்டால் திறக்கும். சர்வர் பதிவில் `Acct-Terminate-Cause` என்ற வரியைப் பாருங்கள். `Session-Timeout` என்றிருந்தால் நேரம் தீர்ந்தது, `Idle-Timeout` என்றிருந்தால் சும்மா இருந்ததால் மூடியது. பயனர் செய்ய வேண்டியது இரண்டிலும் வேறு என்பதால் இவற்றுக்கு ஒரே சொல்லைப் போடவே கூடாது.

இளவரசு எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் நான் பார்த்த ஓரிடத்தில் நேரம் முடிந்ததும் வைஃபை ஒருமுறை அறுந்து, தானாகத் திரும்ப இணைந்து, நுழைவுப் பக்கம் உடனே எழுந்து வந்தது. அது துண்டிப்பு இல்லையா?

சேவியர் எழுதியது:

அப்படியும் செய்யலாம். சில கருவிகள் நேரம் தீர்ந்ததும் ஃபோனைக் கழற்றியும் விடும். ஃபோன் திரும்ப இணையும்போது தன் வழக்கமான சோதனையைச் செய்கிறது. ஆண்ட்ராய்டு `generate_204` என்ற முகவரியைத் தட்டிப் பார்க்கிறது, ஐஃபோன் `captive.apple.com` பக்கம் போகிறது. எதிர்பார்த்த பதில் வராததால் நுழைவுப் பக்கத்தை எழுப்புகிறது. கவனியுங்கள், அங்கே துண்டிப்பு நடந்ததால்தான் பயனருக்குச் சேதி போனது. துண்டிக்காத இடத்தில்தான் அது சொல்லாமல் நடக்கிறது. "மௌனத் துண்டிப்பு" என்ற தொடர் இந்த இரண்டையும் குழப்புகிறது.

கணினியில் இருப்பவர் சந்தேகப்பட்டால் இதைக் கொடுத்துப் பார்க்கலாம்:

```
curl -I http://connectivitycheck.gstatic.com/generate_204
```

204 வந்தால் வழி திறந்திருக்கிறது. 302 வந்து நுழைவுப் பக்கத்தின் முகவரியைக் காட்டினால் அடைபட்டிருக்கிறது. கையேட்டில் இதைச் சேருங்கள் கயல், உதவியாக இருக்கும்.

முத்தையா எழுதியது:

நண்பர்களே, சேவியர் தம்பி சொன்னதைப் படித்தபோது சொல் தானாகவே கண்ணில் பட்டது. "தன் கெடுவை வைத்திருந்தால்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். கெடு நல்ல வழக்குச் சொல். கெடு வைப்பது, கெடு தாண்டுவது எல்லாம் எல்லோரும் பேசுவதுதான். நேர வரம்பு தீர்வதற்குக் "கெடு முடிவு" என்று வைக்கலாம். நடப்பது அடைப்பு, எனவே அந்த நிகழ்வுக்கு "வாயிலடைப்பு". இரண்டையும் சேர்த்துக் "கெடுவடைப்பு" என்று ஒரே சொல்லாகவும் ஆக்கலாம்.

நஸ்ரின் எழுதியது:

ஐயா, மன்னிக்கவும். "கெடுவடைப்பு" என்று திரையில் வந்தால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றுதான் நான் படிப்பேன். "உங்கள் கெடு முடிந்தது" என்பது கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பதுபோல் இருக்கிறது.

முத்தையா எழுதியது:

நியாயம் அம்மா. கெடுவடைப்பைக் கைவிடுகிறேன். ஆனால் திரைக்கு ஒரு சொல், கையேட்டுக்கு ஒரு சொல் என்று இருப்பதில் தவறில்லை. திரையில் "உங்கள் நேரம் முடிந்தது" என்று வந்தால் போதும். கெடு முடிவு, வாயிலடைப்பு இரண்டும் நிர்வாகம் செய்பவர் படிக்கும் பக்கங்களில் இருக்கட்டும். சொல்லாமல் நடப்பதைக் குறிக்கச் "சொல்லா வாயிலடைப்பு" எனலாம். வவுச்சருக்கு "நேரச்சீட்டு".

இளவரசு எழுதியது:

வாயிலடைப்பு எனக்குச் சம்மதம். நேரச்சீட்டுதான் உறுத்துகிறது. டேட்டா அளவை வைத்துத் தரும் வவுச்சரும் இருக்கிறதே, அதை எப்படி நேரச்சீட்டு என்பது? மக்கள் வவுச்சர் என்றே சொல்கிறார்கள், அதையே விடலாம்.

சேவியர் எழுதியது:

வவுச்சர் பற்றி எனக்கு வலுவான கருத்து இல்லை. ஆனால் இன்னும் இரண்டு சொல்லுக்கு இப்போதே இடம் ஒதுக்குங்கள். 2020இல் வந்த ஆர்எஃப்சி 8908 இந்தச் சிக்கலுக்கென்றே ஒரு வழி சொல்கிறது. ஃபோன் கேட்டால் நெட்வொர்க் இப்படிப் பதில் தரும்:

```
{
  "captive": false,
  "user-portal-url": "https://portal.example.net/",
  "seconds-remaining": 120,
  "can-extend-session": true
}
```

இன்னும் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது, நீட்டிக்கவும் முடியும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டு 11, ஐஓஎஸ் 14 முதல் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் திறன் இருக்கிறது. நெட்வொர்க் நடத்துபவர் டிஎச்சிபியின் 114ஆம் விருப்பத்தில் அந்த முகவரியைக் கொடுத்திருக்க வேண்டும். அதைச் செய்யாத இடமாக இருந்தால் ஃபோன் என்ன செய்யும், அதற்கு ஒன்றும் தெரியாது. "மீதி நேரம்", "நேரம் நீட்டிக்கலாம்" என்று இவற்றைத் தமிழாக்கலாம். கெடு முடிவு என்ற சொல்லைப் பயனர் பார்க்கவே வேண்டியிராத நிலை இதனால் வரும் என்பதே என் ஆசை.

கயல்விழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று இப்படி ஏற்றியிருக்கிறேன்:

```
msgid "Voucher expired"
msgstr "இந்த வவுச்சர் காலாவதியாகிவிட்டது"
msgid "Session expired"
msgstr "உங்கள் நேரம் முடிந்தது"
msgid "Idle timeout"
msgstr "பயன்பாடு இல்லாததால் மூடப்பட்டது. மறுபடி நுழையலாம்"
```

கையேட்டில் வாயிலடைப்பு, சொல்லா வாயிலடைப்பு, கெடு முடிவு மூன்றும் சேர்ந்துவிட்டன, சேவியர் கொடுத்த சோதனையும்தான். வவுச்சரா நேரச்சீட்டா என்பதைத் திறந்தே வைத்திருக்கிறேன். இளவரசு சொன்ன டேட்டா வவுச்சருக்குப் பொருந்தும் சொல் கிடைத்தால் மாற்றிவிடலாம்.

சேவியர் சொன்ன இரண்டு கணக்கையும் சீட்டிலேயே அச்சிட ஒரு வரி கேட்டிருக்கிறார்கள். "முதல் நுழைவிலிருந்து 60 நிமிடம்", "மொத்தப் பயன்பாடு 60 நிமிடம்" என்று எழுதிப் பார்த்தேன். இரண்டாவது அவ்வளவு தெளிவாக இல்லை. யாராவது இதைவிட நேராகச் சொல்ல முடியுமா?

நஸ்ரின் எழுதியது:

"உள்ளே இருக்கும் நேரம் மட்டும் 60 நிமிடம்" என்றால் எனக்குப் புரியும். அதோடு கடைசி நாளையும் அதே சீட்டில் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.