அப்பாவின் ஓய்வூதியக் கணக்கில் மாதந்தோறும் 295 ரூபாய் பிடித்தம்: யார் எடுக்கிறார்கள்?

தாமரைக்குளம்: அப்பாவுக்கு வயது 63. அவருடைய மே மாத வங்கி அறிக்கையைப் படித்தபோது 31ஆம் தேதி ஓய்வூதியம் வரவானதும், அன்றே 295, 20, 17.70 ரூபாய் என மூன்று பற்றுகள் இருந்தன. மார்ச், ஏப்ரலிலும் ஓய்வூதியம் வந்த அன்றே 295 போயிருக்கிறது. எதிரில் `ACH RTN CHG` என்று மட்டும் இருக்கிறது. அப்பா யாரிடமும் ஓடிபி சொன்னதில்லை என்கிறார். கார்டை முடக்கிவிடட்டுமா?

வேல்முருகன்: யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து பாருங்கள். எனக்கும் மாதம் 149 போய்க்கொண்டிருந்தது. மகன் ஒரு வீடியோ செயலியை இலவசமாகப் பார்க்கத் தொடங்கி, நிறுத்த மறந்துவிட்டான். அங்கேயே ரத்து செய்தேன், நின்றுவிட்டது.

பழைய காசாளர்: தம்பி, ஆட்டோபே பட்டியலில் இது தெரியாது. கார்டை முடக்குவதாலும் நிற்காது. தொகையை 1.18ஆல் வகுத்துப் பாருங்கள். 295 என்பது 250, 17.70 என்பது 15. இப்படி முழு எண் வந்தால் பெரும்பாலும் அது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த வங்கிக் கட்டணம். 17.70 குறுஞ்செய்திக் கட்டணமாக இருக்கும். 20 மட்டும் அப்படி வகுபடாது. மே கடைசியில் போகும் 20 ரூபாய், `PMSBY` விபத்துக் காப்பீட்டின் ஆண்டுப் பிரீமியம்.

295தான் கவனிக்க வேண்டியது. யாரோ ஒரு நிறுவனம் உங்கள் அப்பா கொடுத்த அனுமதியை வைத்துப் பணம் கேட்கிறது. இருப்பு இல்லாததால் திரும்பிப் போகிறது. பணம் நகராததால் அந்தக் கோரிக்கை அறிக்கையில் வராமல் போகலாம். அதற்கான அபராதம் மட்டும் காத்திருந்து, ஓய்வூதியம் வந்ததும் கழிகிறது. எந்த நிறுவனம், எந்தத் தேதி என்று கிளையில் கேளுங்கள்.

மலர்விழி: அனுமதி இல்லாமல் எடுத்தது என்றால் மூன்று வேலை நாளுக்குள் வங்கியில் புகார் கொடுத்துவிட வேண்டும், மறக்காதீர்கள்.

பழைய காசாளர்: அது மோசடிக்கு. இங்கே அனுமதி அப்பா கொடுத்ததாகத்தான் தோன்றுகிறது.

தாமரைக்குளம்: கிளைக்குப் போய் வந்தேன். ஒரு மியூச்சுவல் ஃபண்டின் 2,000 ரூபாய் எஸ்ஐபி, ஒவ்வொரு மாதமும் 28ஆம் தேதி. பிப்ரவரியில்தான் அப்பா சேமிப்பை வேறு வங்கிக்கு மாற்றினார். அன்றிலிருந்து 28ஆம் தேதி இங்கே இருநூறு ரூபாய்கூட இருப்பதில்லை.

பழைய காசாளர்: மூன்று மாதத் தவணைகள் தொடர்ந்து திரும்பினால் ஃபண்டு நிறுவனமே எஸ்ஐபியை நிறுத்திவிடும். ஆனாலும் வங்கியில் அந்த அனுமதி உயிரோடு இருக்கலாம். ரத்து செய்து, எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

தாமரைக்குளம்: ரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று 295களையும் திருப்பிக் கேட்டதற்கு மேலாளர் இன்னும் பதில் சொல்லவில்லை. தவணை திரும்பியதாக மாதாமாதம் குறுஞ்செய்தி அனுப்பினோம் என்கிறார்கள். அவை போனது அப்பா எப்போதோ கைவிட்ட பழைய எண்ணுக்கு. அந்த 17.70ஐயும் அதற்காகத்தான் கட்டிக்கொண்டிருந்தார். எண்ணை இன்று மாற்றிவிட்டோம்.

வேல்முருகன்: பணம் திரும்பக் கிடைத்தால் இங்கே எழுதுங்கள். என் அம்மாவின் கணக்கிலும் ஒரு 295 இருக்கிறது.