மெமரி கார்டு: படத்தை மட்டும் பார்த்துப் போலியா என்று வாங்கும் முன் கண்டுபிடிக்க முடியுமா?

வெள்ளைத்தாள்

வணக்கம். கேமராவுக்கு 256 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று வாங்கப் பார்க்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த பிராண்டுதான். ஒரு விற்பனைப் பக்கத்தில் மற்ற இடங்களைவிடப் பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள். மூன்று படங்கள் இருக்கின்றன. முதல் படம் பேக்கிங் அட்டையின் முகப்பு, வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று இருக்கிறது. இரண்டாவது, யாரோ கையில் பிடித்து எடுத்தது. அட்டையில் உள்ள சின்ன பிளாஸ்டிக் சன்னல் வழியாகக் கார்டு தெரிகிறது. மூன்றாவது அட்டையின் பின்பக்கம், பார்கோடோடு.

இரண்டாவது படத்தில் பிராண்டு பெயரின் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூடுதலாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. அதுதான் உறுத்துகிறது. முன்பு ஒரு தடவை போலிக் கார்டு வாங்கி, ஒரு முழுப் பயணத்தின் படங்களை இழந்திருக்கிறேன். இந்தத் தடவை பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். படத்தில் எதைப் பார்ப்பது?

சாம்பல்குருவி

எழுத்து இடைவெளி மாறியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், போலிதான். இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். பார்கோடின் முதல் மூன்று இலக்கம் எந்த நாட்டில் செய்தது என்று சொல்லிவிடும். அட்டையில் வினாடிக்கு 200 எம்பி வேகம் என்று போட்டு, பக்கத்தில் ரோமன் எண் I மட்டும் இருந்தாலும் போலி. அந்த வகைக்கு உச்ச வேகமே 104 எம்பிதான்.

பழையலென்ஸ்

சாம்பல்குருவி சொன்னதில் 104 என்ற கணக்கு சரி. ஆனால் அதை வைத்து முடிவெடுத்தால் நல்ல கார்டையும் ஒதுக்கிவிடுவீர்கள். பெரிய பிராண்டுகள் சில, தரநிலைக்கு வெளியே தங்களுடைய சொந்த முறையில் அந்த வேகத்தைக் கூட்டுகின்றன. அவர்களுடைய ரீடரில் போட்டால்தான் அது கிடைக்கும். வழக்கமான ரீடரில் 104-க்குக் கீழேதான் ஓடும்.

பார்கோடின் முதல் மூன்று இலக்கமும் அப்படித்தான். அந்த எண்ணை வழங்கிய அமைப்பு எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதுதான் அதில் தெரியும். பொருள் எங்கே தயாரானது என்பது தெரியாது.

எழுத்து இடைவெளியை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கையில் பிடித்து எடுத்த படத்தில் அட்டை லேசாக வளைந்திருக்கும், கோணம் சாய்ந்திருக்கும், தளத்தில் ஏற்றும்போது படம் சுருங்கி எழுத்தின் விளிம்பு கலங்கிப்போகும். போதாததற்கு ஒரே பிராண்டு அட்டையின் வடிவத்தை அடிக்கடி மாற்றுகிறது. இரண்டு படங்கள் ஒன்றுக்கொன்று வேறாக இருப்பதால் மட்டும் எதையும் சொல்ல முடியாது. ஒரே பொருளின் மேல் இருக்கும் இரண்டு குறிகள் ஒன்றையொன்று மறுத்தால், அங்கேதான் பிடி கிடைக்கும்.

முதல் படத்தை விட்டுவிடுங்கள். அது பிராண்டின் சொந்த விளம்பரப் படமாகத்தான் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம். இரண்டாவது படத்தை முழு அளவில் திறந்து, அட்டையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் கார்டை மட்டும் பாருங்கள். microSD என்ற எழுத்துக்குப் பக்கத்தில் HC என்றோ XC என்றோ இரண்டு எழுத்து இருக்கும். அப்புறம் U வடிவத்துக்குள் ஓர் எண் இருக்கும். V என்று தொடங்கும் எண் ஒன்றும் இருக்கலாம். மூன்றையும் அப்படியே எழுதுங்கள்.

மஞ்சள்வால்

இவ்வளவு சிரமம் எதற்கு? கார்டைப் போட்டுச் சோதித்தால் போதும். விண்டோஸ் என்றால் H2testw, லினக்ஸ் என்றால் இது:

```
f3write /media/card
f3read /media/card
```

கார்டு முழுக்க எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்க்கும். என்னுடைய கார்டு கணினியில் 128 ஜிபி என்று காட்டியது. சோதித்ததில் ஒழுங்காகத் திரும்ப வந்தது 8 ஜிபிக்கும் குறைவு. மீதி எல்லாம் எழுதியதுபோலக் காட்டிவிட்டு இல்லாமல் போயிருந்தது.

பழையலென்ஸ்

மஞ்சள்வால், நல்ல சோதனை. கார்டு கைக்கு வந்ததும் யாராக இருந்தாலும் முதலில் அதைச் செய்துவிட வேண்டும். வெள்ளைத்தாள் பயணத்தில் படங்களை இழந்ததும் இதே காரணத்தால்தான் இருக்கும். உள்ளே சின்ன சில்லு ஒன்றை வைத்து, அது தன்னைப் பெரியது என்று சொல்லும்படி கட்டுப்பாட்டு நிரலை மாற்றியிருப்பார்கள். நிஜ இடம் நிறையும்வரை எல்லாம் சரியாகவே நடக்கும். ஆனால் அவர் கேட்பது அதற்கு முந்தைய கட்டம். சோதிக்கக் கார்டு இன்னும் கையில் இல்லை.

வெள்ளைத்தாள்

பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டையில் XC, U3, V30 என்று அச்சிட்டிருக்கிறது. சன்னலுக்குள் இருக்கும் கார்டில் 256GB என்று பெரிதாக இருக்கிறது, அதற்குக் கீழே microSD, பக்கத்தில் HC. இரண்டு தடவை பார்த்தேன், HC-தான். U-வுக்குள் 1 இருக்கிறது. V எதுவும் இல்லை.

பழையலென்ஸ்

அப்படியானால் எழுத்து இடைவெளியைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை, இதுவே போதும்.

HC என்பது 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை உள்ள கார்டுகளுக்கான குறி. 32-க்கு மேல் 2 டிபி வரை XC. இது பிராண்டுக்குப் பிராண்டு மாறுவது கிடையாது, எஸ்டி தரநிலையிலேயே வகுத்தது. அதனால் HC என்று போட்ட 256 ஜிபி கார்டை எந்த நேர்மையான தொழிற்சாலையும் அச்சிட்டிருக்க முடியாது. 32 ஜிபியோ அதற்குக் கீழோ உள்ள கார்டின் அச்சு வடிவத்தை எடுத்து, அளவை மட்டும் மாற்றியபோது இந்த இரண்டு எழுத்தை மறந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

U-வும் சேர்ந்து காட்டிக்கொடுக்கிறது. U1 என்றால் எழுதும் வேகம் குறைந்தது வினாடிக்கு 10 எம்பி. U3-யும் V30-யும் குறைந்தது 30. அட்டை 30 என்கிறது, உள்ளே இருக்கும் கார்டு 10 என்கிறது. ஒரே பொருள் இரண்டு வாக்குறுதி தராது.

இதே முறையில் இன்னொன்றும் பார்க்கலாம், உங்களுக்கு இப்போது தேவைப்படாவிட்டாலும். V60 அல்லது V90 என்று போட்டிருந்தால் கார்டின் பின்பக்கத்தில் தங்க நிறத் தொடர்புப் பட்டைகள் இரண்டு வரிசையாக இருக்க வேண்டும். ஒரே வரிசைதான் என்றால் அந்தக் குறி பொய். பின்பக்கப் படத்தை விற்பவர்கள் பெரும்பாலும் போடுவதில்லை, அதனால் கேட்டு வாங்க வேண்டும்.

சாம்பல்குருவி

HC, XC விஷயம் எனக்கே புதிது, நன்றி. ஆனால் பார்கோடைச் சும்மா விட வேண்டாம். அதில் கடைசி இலக்கத்தைச் சரிபார்க்க ஒரு கணக்கு உண்டே?

பழையலென்ஸ்

உண்டு. 13 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் மற்ற 12-லிருந்து வருவது. இடமிருந்து 1, 3, 5 என்று ஒற்றைப்படை இடங்களில் இருப்பதைக் கூட்டுங்கள். 2, 4, 6 என்று இரட்டைப்படை இடங்களில் இருப்பதைத் தனியாகக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்தால் வரும் எண்ணை அடுத்த பத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு தேவையோ, அதுதான் கடைசி இலக்கம்.

மாதிரிக்கு 4012345678901. ஒற்றை இடங்கள் 4+1+3+5+7+9 = 29. இரட்டை இடங்கள் 0+2+4+6+8+0 = 20, மூன்று மடங்கு 60. மொத்தம் 89. தொண்ணூறுக்கு ஒன்று வேண்டும், கடைசியில் 1 இருக்கிறது. 12 இலக்கம்தான் இருந்தால் முன்னால் ஒரு பூஜ்ஜியத்தைச் சேர்த்துவிட்டு இதையே செய்யுங்கள்.

வெள்ளைத்தாள்

மூன்றாவது படத்தின் எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன். 112 வந்தது. கடைசி இலக்கம் 8 இருக்க வேண்டும், 8-தான் இருக்கிறது. பார்கோடு சரியாக இருக்கிறதே! குழம்பிவிட்டேன்.

பழையலென்ஸ்

குழம்ப வேண்டாம். இந்தக் கணக்கு தவறினால் அச்சில் கோளாறு என்று தெரியும். தவறாவிட்டால் ஒன்றும் தெரியாது. ஏனென்றால் அசல் அட்டையைப் பார்த்து நகலெடுப்பவருக்கு அதன் எண் அப்படியே கிடைத்துவிடும். மனம்போன போக்கில் புது எண் எழுதியவரோ, ஓர் இலக்கத்தை மாற்றியவரோதான் இதில் மாட்டுவார்கள். உங்கள் விற்பனையாளர் அட்டையை நன்றாக நகலெடுத்திருக்கிறார், கார்டில் கோட்டை விட்டிருக்கிறார்.

மைக்கூடு

என் அனுபவத்தையும் சொல்கிறேன். பிரிண்டர் மை கேட்ரிட்ஜ் வாங்கும்போது படத்தில் ஹோலோகிராம் ஸ்டிக்கர், அதன் கீழே க்யூஆர் கோடு. திரையிலேயே ஸ்கேன் செய்தேன். பிராண்டு நிறத்தில் ஒரு பக்கம் திறந்து, பச்சை டிக் போட்டு "அசல்" என்றது. நம்பி வாங்கினேன். ஒரு வாரத்தில் மை கசிந்து பிரிண்டர் தலையே அடைத்துக்கொண்டது. அது போலியா, இல்லை அசலிலேயே பழுதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பழையலென்ஸ்

அதை என்னாலும் சொல்ல முடியாது, அசல் கேட்ரிட்ஜும் கசியும். ஆனால் அந்தப் பச்சை டிக்கை மறந்துவிடுங்கள். எங்கே போய்ச் சரிபார்ப்பது என்பதையும் அந்தப் பெட்டியே சொல்கிறது. பெட்டி போலி என்றால் அது காட்டும் தளமும் அவர்களுடையதாகவே இருக்கும். பிராண்டின் முகவரியை நாமே தட்டச்சு செய்து, அங்கே சரிபார்க்கும் பக்கம் இருந்தால் எண்ணைப் போட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. விற்பனைப் படத்தில் எண் வெளிப்படையாகத் தெரிந்தால், அதை யாரும் நகலெடுத்திருக்கலாம். நீங்கள் ஸ்கேன் செய்தபோது திறந்த முகவரி நினைவிருக்கிறதா?

மைக்கூடு

இல்லை, பார்க்கவே இல்லை. பிராண்டு பெயரோடு ஏதோ ஒரு சொல் ஒட்டியிருந்ததுபோல நினைவு.

வெள்ளைத்தாள்

விற்பவருக்கு எழுதிக் கேட்டேன். "பழைய இருப்பு, அட்டை மட்டும் புதியது, கார்டு அசல்" என்று பதில் வந்தது. பழைய இருப்பு என்றால் HC என்று இருக்க வாய்ப்பு உண்டா?

பழையலென்ஸ்

32 ஜிபி கார்டு என்றால் உண்டு. 256-க்கு எந்தக் காலத்திலும் கிடையாது. அதோடு, கார்டு பழையது, அட்டை புதியது என்றால் அட்டையைப் பிரித்து மறுபடி மூடியவர் யார் என்றும் அவர் சொல்ல வேண்டும். வேண்டுமானால் ஒன்று கேட்டுப் பாருங்கள்: கார்டை வெளியே எடுத்து, முன்பக்கமும் பின்பக்கமும், பக்கத்தில் நீங்கள் சொல்லும் ஒரு சொல்லைத் தாளில் எழுதி வைத்து எடுத்த படம். கையில் பொருள் இருப்பவருக்கு இரண்டு நிமிட வேலை. அட்டையைப் பிரிக்க மாட்டேன் என்றால் அதில் நியாயம் உண்டு. அப்போது சன்னல் தெரியும்படி, அந்தத் தாளோடு எடுக்கச் சொல்லுங்கள்.

வெள்ளைத்தாள்

கேட்டேன். இரண்டு நாள் ஆகிறது, பதில் இல்லை. விட்டுவிட்டேன். வேறொரு பக்கத்தில் வழக்கமான விலைக்கே இருக்கிறது, நான்கரை நட்சத்திரம், நிறைய மதிப்புரைகள். அங்கே கார்டு XC, U3 என்று பொருந்துகிறது. ஆனால் பழைய மதிப்புரைகளைத் தேடிப் படித்தால் "கைப்பேசிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஓரம் மட்டும் சீக்கிரம் மஞ்சளாகிவிட்டது" என்று இருக்கிறது. கார்டின் ஓரம் மஞ்சளாகுமா?

பழையலென்ஸ்

அது கைப்பேசி உறை. உறை விற்ற பக்கத்தில் தலைப்பையும் படத்தையும் மாற்றிக் கார்டு விற்கிறார்கள், நட்சத்திரங்கள் உறைக்கு விழுந்தவை. கார்டு போலி என்று இதனால் நிரூபணமாகாது, ஆனால் அந்த நான்கரைக்கு மதிப்பில்லை. மதிப்புரைகளைத் தேதி வாரியாக அடுக்கி, கார்டைப் பற்றி எழுதியவற்றை மட்டும் பாருங்கள். வாங்கியவர்கள் போட்ட படங்களில் பின்பக்கம் எங்காவது தெரிகிறதா?

வெள்ளைத்தாள்

ஒன்றே ஒன்று இருக்கிறது, மங்கலாக. இன்று இரவு கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.