புதுப்பிப்பு: சரக்கு திருப்பூருக்கு, பில் பெங்களூருக்கு, எந்த வரி?

கேட்டது: "கோவையிலிருந்து போல்ட் நட்டு திருப்பூருக்கே போகிறது, ஆனால் வாங்குபவர் பெங்களூரு கம்பெனி. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியா, ஐஜிஎஸ்டியா?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஐஜிஎஸ்டிதான். ஆடிட்டர் அண்ணன் சொன்னதே சரி: வாங்குபவர் சொல்லி மூன்றாவது ஆளிடம் சரக்கை இறக்கினால், வாங்குபவரின் மாநிலத்தைத்தான் பார்க்க வேண்டும். சரக்கு போய்ச் சேரும் ஊரைப் பார்க்கச் சொன்ன நண்பர் பாதி சரி. சரக்கை வாங்குபவரிடமே கொண்டுபோய் இறக்கும் விற்பனைக்கு அது பொருந்தும். கடைக்கு நேரில் வரும் வெளிமாநில வாடிக்கையாளர் பற்றிக் கேட்டவர் தனியாகக் கேளுங்கள், அது வேறு கதை.

50,000 ரூபாய்க்கு 4,500, 4,500 என்று பிரித்திருந்தேன். இப்போது ஒரே வரியாக 9,000. மொத்தம் 59,000 மாறவில்லை. ஜிஎஸ்டிஆர்-1 இன்னும் போடாததால் பழைய பில்லை ரத்து செய்து புதிது போட்டேன்.

எதிர்பாராதது ஒன்று: பில்லிங் மென்பொருள் டெலிவரி முகவரியை வைத்து Place of Supply-ஐ தமிழ்நாடு என்று தானாகவே எடுத்திருக்கிறது. கையால் கர்நாடகா (29) என்று மாற்றிய பிறகுதான் ஐஜிஎஸ்டி வந்தது. அப்புறம், பெங்களூருக்காரர் திருப்பூருக்குப் போடும் பில்லுக்கும் ஐஜிஎஸ்டிதானாம். அதை அவர் இன்னும் நம்பவில்லை.