பாக்கியைத் தவணையில் கட்டச் சம்மதித்திருக்கிறார்; ஒரு தவணை தவறினால் என்ன என்று எப்படி எழுதி வாங்குவது?

பெட்டிக்காரர், திருப்பூர் – செப்டம்பர் 24, 2025

வணக்கம். சின்ன அட்டைப்பெட்டி யூனிட் நடத்துகிறேன். பனியன் கம்பெனி ஒன்றுக்கு நாலு வருடமாகப் பெட்டி கொடுக்கிறேன். இந்த வருடம் ஏப்ரல் 18, மே 9, ஜூன் 3, ஜூன் 27 என்று நாலு பில், மொத்தம் 3,89,000 ரூபாய்; அதில் ஏப்ரல் பில் 92,400. ஆகஸ்டில் 29,000 மட்டும் வந்தது. மீதி 3,60,000. பில்லில் முப்பது நாள் கெடு என்றும், தாண்டினால் வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி என்றும் அச்சடித்திருக்கிறேன். வட்டியை ஒருநாளும் கேட்டதில்லை.

நேற்று முதலாளியைப் பார்த்தேன். ஏற்றுமதிப் பணம் வரவில்லையாம். அக்டோபரில் இருந்து மாதம் 60,000 வீதம் ஆறு தவணையில் கொடுத்துவிடுகிறேன் என்றார். நானும் சரி என்று வந்துவிட்டேன். ராத்திரி வாட்ஸப்பில் "மாதம் 10ஆம் தேதி 60,000, ஆறு மாதம். ஒரு தவணை தவறினால் 25,000 அபராதம்" என்று அனுப்பினேன். அவருடைய கணக்காளர் கட்டைவிரல் படம் ஒன்று போட்டார். அவ்வளவுதான்.

இது போதுமா? ஒரு மாதம் தவறினால் மீதி முழுவதையும் அப்போதே கேட்க முடியுமா, இல்லை ஆறு மாதம் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

மாதச்சம்பளம்

அண்ணா, தவணை தவறினால் பவுன்ஸ் சார்ஜ் பிடிப்பார்கள், சிபில் ஸ்கோரும் இறங்கும். பேங்க் மேனேஜரை நேரில் பார்த்து மறுசீரமைப்பு கேளுங்கள். எனக்கு பைக் லோனில் அப்படித்தான் சரி செய்து கொடுத்தார்கள்.

பெட்டிக்காரர், திருப்பூர்

தம்பி, நான் கடன் வாங்கியவன் இல்லை, எனக்குத்தான் வர வேண்டும்!

நூல்மில் ராசு

வாட்ஸப் எல்லாம் வேலைக்கு ஆகாதுங்க. தேதி போடாத செக் ஒன்று, தொகை எழுதாமல், கையெழுத்து மட்டும் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தவணை தவறினால் 3,60,000 எழுதி பேங்கில் போட வேண்டியதுதான். திரும்பி வந்தால் செக் சட்டம் 138ஆம் பிரிவில் கேஸ். ஆள் ஓடி வருவார்.

பழைய கணக்கர், ஈரோடு

முப்பது வருடம் வசூல் கணக்குப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. 3,60,000 என்பது உங்கள் புத்தகத்தில். அவர் லெட்ஜரில் எவ்வளவு? அதை ஒத்துப் பார்க்காமல் தவணை பேசினால், ஐந்து தவணை ஒழுங்காக வந்து ஆறாவதில் "உங்கள் கணக்கு தப்பு" என்று நிற்கும். இன்றே அவர் லெட்ஜர் நகலை வாங்குங்கள்.

அடுத்து அந்த 25,000 அபராதம். அதை எடுத்துவிடுங்கள். ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி, எழுதி வைத்த அபராதத்தை நீதிமன்றம் அப்படியே தூக்கிக் கொடுக்காது. அந்தத் தொகைக்கு உட்பட்டு நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். உங்களுக்கு அபராதம் தேவையும் இல்லை. பணம் ஏற்கெனவே கெடு தாண்டிய பணம். நீங்கள் கொடுப்பது ஒரு சலுகை. ஒரு தவணை தவறினால் அந்தச் சலுகை போய்விடும், மீதி முழுவதும் அன்றே கட்ட வேண்டியதாகிவிடும், பில்லில் உள்ள வட்டியும் திரும்ப வந்துவிடும் என்று எழுதினால் போதும். அப்படி எழுதாவிட்டால், "ஆறு மாதம் என்றுதானே பேசினோம், தவறியது ஒரு தவணைதானே, அதை மட்டும் கேள்" என்பார். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

பழைய பில்களுக்குப் பதிலாகப் புது ஒப்பந்தம் போட்டதாகவும் தெரியக் கூடாது. "இந்தப் பில்கள் அப்படியே நிற்கின்றன, கட்டும் தேதிகளுக்கு மட்டும் இசைவு தருகிறோம்" என்று ஒரு வரி வேண்டும்.

ராசு சொன்னதில் பாதி சரி. செக் வாங்குவது நல்லதுதான். ஆனால் மொத்தத் தொகைக்கு ஒரே செக் வாங்கி, நடுவில் இரண்டு தவணை வந்த பிறகும் அதில் 3,60,000 எழுதிப் போட்டால் கேஸ் நிற்காது. போடும் அன்று உண்மையில் எவ்வளவு பாக்கியோ அதற்கு மேல் செக்கில் இருக்கக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தவணைக்கு ஒரு செக், அந்தந்தத் தேதி போட்டு வாங்குவதுதான் வழி. திரும்பிய செக்குக்கும் கெடு உண்டு. பேங்கில் இருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் கட்டவில்லை என்றால், அதில் இருந்து ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். பலரும் "பேசிப் பார்ப்போம்" என்று அந்த 30 நாளை விட்டுவிடுகிறார்கள்.

பெட்டிக்காரர், திருப்பூர் – செப்டம்பர் 26

ஐயா, நல்லவேளை கேட்டீர்கள். அவர் லெட்ஜரில் 3,55,800. ஜூன் 3 பில்லில் நைந்த பெட்டிக்கு 4,200 டெபிட் நோட் போட்டிருக்கிறார். எனக்கு வந்ததே இல்லை என்று நினைத்தேன், பையன் மேசை டிராயரில் கிடந்தது. பெட்டி நைந்தது உண்மைதான். ஒத்துக்கொண்டேன்.

அப்படியானால் ஐந்து தவணை 60,000, கடைசி 55,800. சரிதானே?

பழைய கணக்கர், ஈரோடு

தொகை சரி, ஆனால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஆகஸ்டில் வந்த 29,000 எந்தப் பில்லுக்கு என்று அவர் சொல்லவில்லை அல்லவா? பழைய பில்லில் கழியுங்கள். ஏப்ரல் 18 பில் 92,400 என்றால் அதில் மீதி 63,400. முதல் தவணையை 63,400 என்று கேளுங்கள். பில் தேதியில் இருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தப் பில் வரிக்காக அவர் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டி இன்புட்டை, கொடுக்காத அளவுக்கு, வட்டியோடு அரசுக்குத் திருப்ப வேண்டும். ஏப்ரல் 18க்கு 180ஆம் நாள் அக்டோபர் 15. பத்தாம் தேதியே கட்டினால் அந்தப் பில் தப்பிக்கும். இதை அவர் ஆடிட்டர் காதில் போட்டால், நாம் கேட்பதைவிட வேகமாக வேலை நடக்கும். மே பில் நவம்பர் 5க்குள் முடியாது. அதை அவர் திருப்பிவிட்டு, பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மீதி 2,92,400. நாலு தவணை 58,500, கடைசி 58,400. கடைசித் தேதி 2026 மார்ச் 10. மார்ச் 31க்கு முன்பே முடிவதும் நல்லது. உங்களுக்குச் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால், வருட முடிவில் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை அவர் அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது.

கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும், நாலு பில்லின் எண், தேதி, மீதியை மேலே எழுதிவிட்டு:

> "மேற்கண்ட பில்களில் இன்றைய தேதிக்கு 3,55,800 ரூபாய் பாக்கி என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறோம். இதைக் கீழ்க்கண்ட ஆறு தேதிகளில் வங்கிக் கணக்கில் செலுத்தச் சம்மதிக்கிறோம். வரும் தொகை பழைய பில்லில் இருந்து வரிசையாகக் கழிக்கப்படும். ஆறு தவணையும் உரிய காலத்தில் வந்தால் பில் வட்டி கேட்கப்படாது. ஒரு தவணை முழுமையாக உரிய தேதியில் இருந்து 5 நாளுக்குள் வரவில்லை என்றால், மீதி முழுவதும் உடனே செலுத்த வேண்டியதாகும். பில் வட்டியும் பில் கெடுவில் இருந்து சேரும். தாமதமான அல்லது குறைவான தொகையை நாங்கள் பெற்றுக்கொள்வது இந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகாது. இந்தக் காலத்தில் புதுச் சரக்கு முன்பணத்துக்கு மட்டுமே."

அவர் லெட்டர்பேடில், முதலாளி கையெழுத்தும் கம்பெனி முத்திரையும். கணக்காளர் கையெழுத்து வேண்டாம். கையெழுத்தோடு கடனை ஒப்புக்கொண்ட கடிதம் இருந்தால், வழக்குப் போடும் மூன்று வருடக் கெடுவும் அந்தத் தேதியில் இருந்து புதிதாக ஓடும்.

புதுச் சரக்குக்கு வரும் பணத்தைத் தவணையோடு கலக்காதீர்கள். பணம் அனுப்பும்போது குறிப்பில் "தவணை 2" என்றே போடச் சொல்லுங்கள்.

அச்சகம், சிவகாசி

"பெற்றுக்கொள்வது விட்டுக்கொடுத்ததாகாது" என்ற அந்த வரி எங்களிடம் இல்லாமல் போனதுதான் எங்கள் கதை. காலண்டர் பில், எட்டு தவணை. மூன்றாவது தவணை இருபது நாள் தள்ளி வந்தது, சிரித்துக்கொண்டே வாங்கினோம். நாலாவதும் அப்படியே. ஐந்தாவது வராமல் நின்றபோது முழுவதையும் கேட்டோம். "இதுவரைக்கும் தாமதமாகத்தானே வாங்கினீர்கள், இப்போது மட்டும் என்ன" என்று அவர் வக்கீல் பதில் அனுப்பினார். கடைசியில் வட்டி இல்லாமல் சமரசம்.

நூல்மில் ராசு

இவ்வளவு எழுதிக் கேட்டால் வாடிக்கையாளர் முறைத்துக்கொள்ள மாட்டாரா? நம் ஊரில் வாக்குதான் பெரிது.

பெட்டிக்காரர், திருப்பூர் – அக்டோபர் 4

முறைத்துக்கொள்ளவில்லை. செக் மட்டும் தர மாட்டேன் என்றார், கடிதத்தில் முதலாளியே கையெழுத்துப் போட்டார். 5 நாளை 10 நாள் ஆக்கச் சொன்னார், மறுத்துவிட்டேன்.

பெட்டிக்காரர், திருப்பூர் – நவம்பர் 11

அக்டோபர் தவணை 9ஆம் தேதியே வந்துவிட்டது. நேற்று 58,500க்குப் பதில் 40,000தான் வந்தது. என்ன செய்ய?

பழைய கணக்கர், ஈரோடு

திருப்பி அனுப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். இன்றே ஈமெயில் போடுங்கள்: "40,000 கிடைத்தது, மே 9 பில்லில் வரவு வைத்தோம். 18,500 மீதி. கடிதப்படி 15ஆம் தேதிக்குள் வர வேண்டும். இதைப் பெற்றுக்கொண்டதால் கடித நிபந்தனை எதுவும் மாறவில்லை." கோபம் வேண்டாம், காரணம் கேட்கவும் வேண்டாம். அதே விஷயத்தைப் போனிலும் சொல்லிவிடுங்கள்.

பெட்டிக்காரர், திருப்பூர் – நவம்பர் 17

18,500 இன்று வந்தது. இரண்டு நாள் தாமதம். கடிதப்படி பார்த்தால் மீதி 2,33,900 முழுவதையும் கேட்கலாம். கேட்கவா?

அச்சகம், சிவகாசி

கேளுங்கள். இப்போது விட்டால் அடுத்த மாதம் நாலு நாள் ஆகும்.

பழைய கணக்கர், ஈரோடு

உரிமை இருக்கிறது, ஆனால் நான் கேட்க மாட்டேன். கையில் பணம் இருந்தால் அவர் 40,000 அனுப்பியிருக்க மாட்டார். முழுவதையும் கேட்டால் வக்கீல் பக்கம் போவார், டிசம்பர் தவணையும் நிற்கும். "இந்த ஒரு தடவை மட்டும், தவணைத் தேதிகள் அப்படியே தொடர்கின்றன, அடுத்தது தவறினால் மொத்தமும்" என்று எழுத்தில் கொடுங்கள். எழுதாமல் சும்மா இருந்தால் மட்டும் அச்சகக்காரர் சொன்ன இடத்துக்குப் போய்விடுவீர்கள்.

நூல்மில் ராசு

அப்படியே அந்தச் செக்கையும் இப்போது கேட்டுப் பாருங்கள். தப்பு அவர் பக்கம், இப்போது கொடுப்பார்.

பெட்டிக்காரர், திருப்பூர்

அது நல்ல யோசனை ராசு. நாலு தவணைக்கு நாலு செக் கேட்டு, அதற்குப் பதிலாகத்தான் இந்தத் தாமதத்தை விடுகிறேன் என்று எழுதப் போகிறேன். ஜனவரி 10 இரண்டாவது சனி, பேங்க் லீவு என்று பையன் சொல்கிறான். அந்தச் செக்கை மட்டும் 9ஆம் தேதி போட்டு வாங்கலாமா, இல்லை கடிதத் தேதியே இருக்கட்டுமா?