உப்புத் தண்ணீரில் ஏரேட்டர் சீக்கிரம் அடைக்கிறது, உங்கள் அனுபவம் எப்படி?

மாடிவீடு: சிங்க் குழாயின் வாயில் நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் ஏரேட்டர், அதாவது தண்ணீரில் காற்றைக் கலக்கும் சல்லடை மூடி, போட்டோம். புதிதில் ஒரு லிட்டர் சொம்பு 10 நொடியில் நிறைந்தது. இப்போது 25 நொடி ஆகிறது, தண்ணீரும் நேராக விழாமல் ஒரு பக்கமாகச் சீறி சட்டையை நனைக்கிறது. பக்கத்திலேயே ஏரேட்டர் இல்லாத குழாய் ஒன்று இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே தண்ணீர்தானே?

எலுமிச்சை: தண்ணீரில் அழுக்கு, அவ்வளவுதான். வினிகரில் ஊறப் போட்டால் எந்த அடைப்பும் போய்விடும், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

ஸ்பேனர்: எல்லா அடைப்பும் வினிகரில் போய்விடாது, சிலதுதான் போகும். கழற்றி இரண்டு பக்கமும் பாருங்கள். பைப் பக்கம் மணல், துரு, டேப் துணுக்கு என்று உதிரியாகக் கிடந்தால் அது பைப்பிலிருந்து வந்தது, வினிகர் அதை ஒன்றும் செய்யாது, தட்டிக் கழுவ வேண்டியதுதான். தண்ணீர் விழும் பக்கம் வெள்ளையாகக் கெட்டியாக ஒட்டியிருந்தால் அது சுண்ணாம்பு. அது தண்ணீரில் கரைந்தே வருவதால் சாதாரண ஃபில்டரில் நிற்காது. குழாயை மூடிய பிறகு சல்லடையில் தங்கும் ஈரம் காயும்போது ஒட்டிக்கொள்கிறது. காற்று கலக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் வெளியேறுவதும் சுண்ணாம்பு பிரிய ஒரு காரணம். வெறும் குழாயிலும் இதே படிகிறது, ஆனால் வாய் அகலம் என்பதால் தெரிவதில்லை. சல்லடைக் கண்ணுக்கு மெல்லிய பூச்சே போதும். வெந்நீர் வரும் குழாயில் இன்னும் சீக்கிரம் அடைக்கும், கீசரிலிருந்து உதிரும் செதிளும் சேர்ந்துகொள்ளும்.

தூறல்: எங்கள் ஷவரிலும் இதேதான். தண்ணீரைக் குறைக்கும் வில்லை போட்ட முதல் நாளிலிருந்தே நூல் மாதிரி வருகிறது. வினிகரும் ஊற்றிப் பார்த்தாச்சு.

ஸ்பேனர்: முதல் நாளே என்றால் அடைப்பு இல்லை, அழுத்தம் போதவில்லை. தொட்டி ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது சுமார் 0.3 பார்தான். அந்த வில்லைகள் பெரும்பாலும் அதைவிட நல்ல அழுத்தத்தை எதிர்பார்த்துச் செய்தவை. எடுத்துவிடுங்கள்.

எலுமிச்சை: ஊசியால் குத்தினால் வேலை சீக்கிரம் முடியுமே?

ஸ்பேனர்: சல்லடை கிழியும். உள்ளே இருக்கும் வில்லையின் துளை பெரிதானால் அப்புறம் அது 6 லிட்டர் வில்லையே இல்லை. பழைய டூத் பிரஷ் போதும். ரப்பர் வளையத்தை மட்டும் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

மாடிவீடு: கழற்றினேன். மேலே நாலைந்து துருத் துகள், கீழே வெள்ளை ஓடு, ஆக இரண்டும்தான். வினிகரில் போட்டதும் பொங்கியது, அரை மணி நேரத்தில் பிரஷுக்கு உதிர்ந்தது. சொம்பு இப்போது 12 நொடியில் நிறைகிறது. சீறல் நின்றுவிட்டது, ஆனால் அந்த 2 நொடி எங்கே போனது என்று புரியவில்லை. வில்லை இறுகிவிட்டதா?

தூறல்: சிலிகோன் மூக்கு வைத்த ஏரேட்டரை விரலால் தேய்த்தாலே படிவு உதிரும் என்கிறார்களே, யாராவது நிஜமாகவே உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்தீர்களா?