நெஞ்சுவலி வழிமுறைத் தாள்: முதல் ஈசிஜி நார்மல் என்றால் அடுத்த கட்டத்தில் என்ன எழுதுவது?

வணக்கம். நான்கு படுக்கை உள்ள சிறிய அவசரப் பிரிவில் டாக்டராக இருக்கிறேன். நெஞ்சுவலியோடு வருபவர்களுக்கு ஒரே பக்கத்தில் வழிமுறை எழுதிச் சுவரில் ஒட்டப் போகிறோம். முதல் முடிவு எளிது. வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி. எஸ்டி உயர்வு இருந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்கு ஃபோன். 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு வழியில்லை என்றால், தடை எதுவும் இல்லாதவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி.

முதல் ஈசிஜி நார்மலாக இருக்கும்போதுதான் தடுமாறுகிறோம். போன மாதம் 52 வயதுக்காரர் ஒருவர், வலி தொடங்கிய 40 நிமிடத்தில் வந்தார். ஈசிஜி நார்மல், ட்ரோபோனின் நெகட்டிவ். ஆனால் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்துகொண்டே இருந்தது. "மனசு ஒப்பலை சார், இன்னொரு தடவை எடுத்துடலாம்" என்றார் செவிலியர். 20 நிமிடம் கழித்து எடுத்ததில் 2, 3, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்டி உயர்ந்திருந்தது. அவ்வளவு சீக்கிரம் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறாது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் நெகட்டிவ் என்ற சொல் எல்லோரையும் அசட்டையாக இருக்க வைத்துவிடுகிறது.

அதனால் இரண்டாவது கட்டத்தில், "வலியோ வியர்வையோ தொடர்ந்தால், முதல் ஒரு மணி நேரம் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு ஈசிஜி" என்று எழுதியிருக்கிறேன். அப்புறம், கீழ்ச்சுவர் மாற்றம் தெரிந்தால் நைட்ரேட் கொடுக்கும் முன் வலப்பக்க லீடு. எங்களிடம் இருப்பது பழைய வகை ட்ரோபோனின். 3 முதல் 6 மணி நேரத்தில் மறுபடி பார்க்கிறோம்.

உங்கள் தாளில் மறு ஈசிஜி யார் பொறுப்பு, ஷிஃப்ட் மாறும்போது எப்படி ஒப்படைக்கிறீர்கள்? வலி நின்றவரை வீட்டுக்கு அனுப்பும் கட்டத்தில் என்ன வாசகம் வைத்திருக்கிறீர்கள்? படம் இருந்தால் பகிருங்கள்.